கடன் நோட்டும் கைபேசிச் செயலியும்

இந்தியாவின் சிறு மளிகைக் கடைகளில் வியாபாரத்தின் ஒரு பகுதி இன்றும் கடனிலேயே நடைபெறுகிறது. வாடிக்கைக் குடும்பங்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றை மாதம் முழுவதும் சிறிது சிறிதாக வாங்கிச் சென்று, கையில் பணம் வந்ததும் முழுவதையுமோ ஒரு பகுதியையோ செலுத்துகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சியாக இருப்பது ஒரு நோட்டு. வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் அது சிவப்புத் துணி அட்டையிட்ட நீண்ட ஏடாக இருந்து வந்துள்ளது. வங்காளத்தில் புத்தாண்டு நாளன்று வாடிக்கைக்காரர் கடைக்கு வந்து பழைய பாக்கியைத் தீர்ப்பதும், கடைக்காரர் இனிப்பு வழங்கிப் புதிய ஏட்டைத் தொடங்குவதும் ‘ஹால் கத்தா’ என்ற பெயரில் வழக்கமாக உள்ளன.

இந்த நோட்டின் இடத்தைப் பிடிக்கும் நோக்கத்துடன் 2010-களின் இறுதியில் ஓகேகிரெடிட், காதாபுக் போன்ற கைபேசிச் செயலிகள் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து வேறு பலவும் வந்தன. எனினும், ஒரு செயலியைச் சில வாரங்கள் உபயோகித்துவிட்டு மீண்டும் நோட்டுக்கே திரும்பிவிட்ட கடைக்காரர்களைக் களப்பணியாளர்கள் அறிவர். இதற்குக் கடைக்காரரின் அறியாமையே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அக்கருத்து சரியன்று. நோட்டில் சில கணக்கு நெறிகள் அமைந்துள்ளன. அந்நெறிகளை அறியாமல் இயற்றப்பட்ட மென்பொருள், எவ்வளவு அழகிய திரையுடன் வந்தாலும், நோட்டைக் காட்டிலும் தாழ்ந்த கருவியே ஆகும். நோட்டால் ஆகாததைச் செய்வதும், நோட்டு நன்றாகச் செய்வதைக் கெடுக்காமலிருப்பதும் நல்ல செயலியின் இரு இலக்கணங்கள்.

நோட்டின் பலமும் பலவீனமும்

கடன் நோட்டில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பக்கம் உண்டு. தேதி, பொருள், தொகை ஆகியவை வரிசையாக எழுதப்படுகின்றன. பல இடங்களில் வாடிக்கைக்காரர் வீட்டிலும் ஒரு சிறு நோட்டு இருக்கும். பொருள் வாங்க வரும் குழந்தை அதை எடுத்து வரும். கடைக்காரர் இரண்டிலும் ஒரே தொகையை எழுதுவார். மையால் எழுதியதைத் திருத்தினால் திருத்தம் கண்ணுக்குத் தெரியும். கிழித்த பக்கமும் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும். ஆகவே இரு தரப்பினரும் படிக்கக்கூடிய, ஒருவர் மட்டும் மறைவாக மாற்ற முடியாத ஆவணமாக அது விளங்குகிறது.

நோட்டின் பலவீனம் கூட்டலில் இருக்கிறது. பக்கம் நிறைந்தவுடன் மொத்தத்தை அடுத்த பக்கத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவசரத்தில் 540 என்பது 450 ஆக எழுதப்பட்டுவிடலாம். அறுபது குடும்பங்களின் பாக்கி சேர்ந்து எவ்வளவு என்று அறிய அறுபது பக்கங்களையும் கூட்ட வேண்டும். எந்தப் பாக்கி மூன்று மாதமாக அசையாமல் கிடக்கிறது என்பதையும் நோட்டு தானாகச் சொல்லாது. மொத்த வியாபாரிக்குச் செலுத்தவேண்டிய பணம் கைவசம் இல்லாதபோதுதான் தம் முதலில் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியவருகிறது. செயலி உதவ வேண்டிய இடம் இதுவே.

மாலையில் செய்யும் பதிவு

பெரும்பாலான செயலிகள், விற்பனை நடக்கும் கணத்திலேயே பதிவு செய்யப்படும் என்று எதிர்பார்க்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் கடை முன் ஐந்தாறு பேர் நிற்கும்போது இது எளிதன்று. நோட்டில் ஒரு வரி எழுத ஐந்து விநாடி ஆகிறது என்றும், கைபேசியைத் திறந்து பெயரைத் தேடித் தொகையை இடுவதற்கு இருபது விநாடி ஆகிறது என்றும் கொள்க. இருபத்தைந்து பதிவுகளுக்கு ஆறு நிமிஷத்திற்கு மேல் கூடுதலாகும். மேலும், எண்ணெய் அளந்த கையால் கண்ணாடித் திரையைத் தொடவேண்டும். ஒரே பெயருடைய மூவர் பட்டியலில் இருந்தால் தவறான நபரின் கணக்கில் தொகை ஏறிவிடவும் கூடும்.

ஆதலால் கடை நேரத்தில் நோட்டு இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது. அது சிட்டையாகப் பயன்படட்டும். கடையடைத்த பின் செயலியில் பேரேடு எழுதப்படட்டும். இதற்குச் செயலி பெயர் கேட்கக்கூடாது. பக்க எண்ணைக் கேட்க வேண்டும். கடைக்காரர் 17 என்று இட்டதும் அப்பக்கத்துக்குரியவரின் பெயர் திரையில் தோன்ற, அவர் தொகையை இட்டுப் பற்று அல்லது வரவு என்பதை அழுத்தினால் போதும். எழுத்துகளைத் தட்டவேண்டிய தேவையே இல்லை.

இவ்வாறு பெயர்த்து எழுதுகையில் பிழை நேராதிருக்க ஒரு பழைய முறை உண்டு. ஒரு மாலையில் ஆறு பற்றுகள் உள்ளன எனக் கொள்க: 17-ஆம் பக்கத்தில் ரூ. 180, 4-இல் ரூ. 65, 23-இல் ரூ. 240, 71-இல் ரூ. 50, 9-இல் ரூ. 120, 38-இல் ரூ. 95. கடைக்காரர் முதலில் நோட்டைப் பார்த்து மூன்று எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்கிறார். பதிவுகளின் எண்ணிக்கை 6. தொகைகளின் மொத்தம் ரூ. 750, பக்க எண்களின் மொத்தம் 162. பக்க எண்களைக் கூட்டுவதால் வரும் 162-க்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. ஆயினும் சோதனைக்கு அது மிகவும் பயன்படும்.

பதிவு முடிந்ததும் செயலி இதே மூன்று எண்களைத் தானும் கணக்கிட்டுக் காட்டவேண்டும். எண்ணிக்கை 5 என்று வந்தால் ஒரு வரி விடுபட்டது. தொகை 750-க்குப் பதில் 930 என்று வந்தால் வேறுபாடு 180. அது ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்துள்ள இரு இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். 500-ஐ 50 என எழுதுவதுபோல் ஒரு சுழியை விட்டுவிட்டாலும் அப்படியே. எனவே முதலில் இத்தகைய பிழையைத் தேடவேண்டும். இங்கே 240 என்பது 420 ஆக இடப்பட்டிருக்கிறது. தொகை சரியாக இருந்து பக்க எண் மொத்தம் 216 என்று வந்தால், வேறுபாடு 54. 17-ஆம் பக்கத்துக்குரிய பதிவு 71-ஆம் பக்கத்தில் ஏறிவிட்டது என்பது விளங்கும். ஒன்பதின் மடங்கு ஏன் வருகிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் ஐந்து நிமிஷத்தில் நிறுவிக்காட்டலாம். பத்தின் இடத்திலுள்ள இலக்கம் ஒன்றின் இடத்திற்குப் போகும்போது தன் மதிப்பில் ஒன்பது பங்கை இழக்கிறது. மற்றது அதே அளவில் பெறுகிறது. மீதி நிற்பது இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டின் ஒன்பது மடங்கு.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 17-க்குரிய ரூ. 180-ஐ 71-லும், 71-க்குரிய ரூ. 50-ஐ 17-லும் மாற்றிப் பதிந்துவிட்டால் மூன்று மொத்தங்களும் சரியாகவே நிற்கும்; பிழை தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் வாடிக்கைக்காரர் ஒருவரே. அவர் கையிலுள்ள பிரதி ஏன் இன்றியமையாதது என்பதற்கு இது முதற்காரணம்.

நிலுவையைச் சேமிப்பதா, பதிவைச் சேமிப்பதா?

செயலியின் உள்ளமைப்பைக் கடைக்காரர் பார்க்க முடியாது. ஆனால் அங்கே எடுக்கப்படும் ஒரு முடிவு அவருடைய பணத்தைப் பாதிக்கிறது. ஒவ்வொருவரின் நிலுவைத் தொகையை ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு அதை மாற்றிக்கொண்டே போவது ஒரு முறை. ஒவ்வொரு பற்றையும் வரவையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, நிலுவையைத் தேவைப்படும்போதெல்லாம் கூட்டிக் காண்பது மற்றொரு முறை. முதல் முறை எளிது, ஆனால் ஆபத்தானது.

கணவன் மனைவி இருவரும் நடத்தும் ஒரு கடையை உதாரணமாகக் கொள்ளலாம். இருவர் கைபேசியிலும் அதே செயலி உள்ளது. 17-ஆம் பக்கத்தின் நிலுவை ரூ. 1,240. அன்று காலை இணைய இணைப்பு இல்லை. மனைவி கடையில் ரூ. 180-க்குப் பொருள் கொடுத்துப் பதிகிறார். சந்தைக்குப் போன கணவர் வழியில் அதே வாடிக்கைக்காரரிடம் ரூ. 500 பெற்றுத் தம் கைபேசியில் பதிகிறார். நிலுவையை மட்டும் சேமிக்கும் செயலியில் ஒரு கைபேசி 1,420 என்றும், மற்றது 740 என்றும் காட்டும். இணைப்பு திரும்பியதும் கடைசியாக வந்த எண் மற்றதை அழித்துவிடும். 1,420 நின்றால் வாடிக்கைக்காரர் கொடுத்த 500 ரூபாய் மறைந்தது. 740 நின்றால் கடையின் 180 ரூபாய் மறைந்தது. உண்மையான நிலுவை ரூ. 920. இரு பதிவுகளும் தனித்தனியே காக்கப்பட்டிருந்தால், எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டல் 920-இல்தான் முடியும்.

இதனுடன் சேர்ந்த இன்னொரு கோளாறும் உண்டு. மனைவியின் கைபேசி 180 ரூபாய்ப் பதிவை அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் சேர்ந்தது என்ற பதில் வருமுன் இணைப்பு அறுந்துவிடுகிறது. கைபேசி அதை மறுபடி அனுப்புகிறது. கவனமின்றி இயற்றப்பட்ட மென்பொருள் இதை இரண்டாவது விற்பனையாகக் கொண்டு நிலுவையை 1,100 ஆக்கிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் அது எழுதப்படும் கணத்திலேயே, அந்தக் கைபேசியிலேயே, வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் இடப்படுமானால் இந்தத் தொல்லை இல்லை. அதே எண்ணுடன் இரண்டாம் முறை வருவது வெறும் நகல் என்று தள்ளப்பட்டுவிடும். ஒரு வாடிக்கைக்காரரின் கணக்கில் ஒரே நாளில் ஒரே தொகை இரு முறை தோன்றினால் இக்கோளாற்றைச் சந்தேகிக்க இடமுண்டு.

அழிக்கக்கூடாத எழுத்து

பிழையான பதிவை என்ன செய்வது? அதைத் தொட்டுத் திருத்திவிடவோ நீக்கிவிடவோ வசதியளிக்கும் செயலிகள் உள்ளன. இது ஒரு சௌகரியமாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் இவ்விடத்தில்தான் செயலி நோட்டைவிடக் கீழே இறங்குகிறது. சென்ற மாதம் 95 என்றிருந்தது இன்று 195 என்று மாறியிருந்தால், நோட்டில் மையின் கறை சாட்சி சொல்லும். திரையில் எதுவும் சொல்லாது. கடைக்காரர் நேர்மையானவராக இருந்தாலும், அதை மெய்ப்பிக்க அவரிடம் எதுவும் இராது.

கணக்கர்களின் நெறி பழமையானது. தவறாக எழுதிய பதிவு அப்படியே நிற்கவேண்டும். அதற்கு எதிர்ப்பதிவு ஒன்று எழுதி அதை நீக்கவேண்டும். பிறகு சரியான பதிவை எழுதவேண்டும். 240 என்பது 420 ஆகப் பதியப்பட்டிருந்தால், செயலி 420 ரூபாய்க்கு எதிர்ப்பதிவும் 240 ரூபாய்க்குப் புதுப்பதிவும் எழுதி, மூன்றையும் காட்டவேண்டும். கடைக்காரர் ‘திருத்து’ என்ற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரு வரிகளையும் இயற்றுவது இயந்திரத்தின் வேலை.

இதற்குச் சட்டத் தொடர்பும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய சாட்சிய அதிநியமத்தின் 28-ஆம் பிரிவு, வியாபாரத்தில் ஒழுங்காக எழுதிவரும் கணக்கேடுகளின் பதிவுகளை, மின்னணு வடிவில் உள்ளவை உட்பட, வழக்கிற்குப் பொருத்தமானவையாக ஏற்கிறது. அதே பிரிவு, அப்பதிவுகள் மட்டுமே ஒருவரைக் கடனுக்குப் பொறுப்பாக்கப் போதுமான சாட்சியமாகமாட்டா என்றும் கூறுகிறது. ஆகவே செயலியில் இருக்கிறது என்பதாலேயே பாக்கி மெய்ப்பிக்கப்பட்டுவிடாது. வேறொரு ஆதாரமும் வேண்டும். அவ்வாதாரம் பெரும்பாலும் வாடிக்கைக்காரரிடம் உள்ள பிரதியே.

வாடிக்கைக்காரரின் பிரதி

இப்பிரதிக்குப் பதிலாகச் செயலிகள் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு செய்தி. பாக்கி நின்றால் ஒரு நினைவூட்டல். நகரத்துக் கடைகளுக்கு இது பொருந்தலாம். ஆனால் ஒரே கைபேசியைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், மருந்துக்காகக் கடன் வாங்கிய முதியவரின் கணக்கை எல்லோரும் படிக்க நேரும். எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு குடும்பத்தின் கடன் விவரம் முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். கடைக்காரர் அறியாமலே இயந்திரம் அனுப்பும் நினைவூட்டல், பல ஆண்டு வாடிக்கையை ஒரே நாளில் முறித்துவிடக்கூடும். யாரிடம் எப்போது கேட்கலாம், யாரிடம் இந்த மாதம் கேட்கலாகாது என்பதைக் கடைக்காரர் அறிவார்; செயலி அறியாது. ஆகையால் நினைவூட்டல் கடைக்காரர் தாமாகத் தேர்ந்து அனுப்பினால் மட்டுமே செல்லும்படி அமையவேண்டும்.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. வாடிக்கைக்காரர் வீட்டுச் சிறு நோட்டு தொடரட்டும். செயலி இரவில் கூட்டிக் காட்டும் நிலுவையை, அவர் அடுத்த முறை வரும்போது, கடைக்காரர் அந்நோட்டில் எழுதிக் கொடுக்கட்டும். முன் சொன்ன 17-க்கும் 71-க்கும் நேர்ந்த மாற்றம் இங்கே வெளிப்பட்டுவிடும். அதிகத் தொகை ஏறியவர் அன்றே ‘இது என் கணக்கில்லை’ என்பார். கூட்டல் இயந்திரத்தினுடையது, ஒப்புதல் மனிதரினுடையது. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள்

ஒரு செயலியைக் கடைக்காரருக்குப் பரிந்துரைக்கும் முன் களப்பணியாளர் அரைமணி நேரத்தில் நான்கு சோதனைகளைச் செய்துபார்க்கலாம். உண்மையான கணக்கில் செய்யாமல், 99-ஆம் பக்கம் என ஒரு பொய்க்கணக்கைத் திறந்து செய்யவேண்டும்.

முதலாவதாக, கைபேசியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மூன்று பதிவுகள் இடவேண்டும். செயலி ஏற்க மறுத்தாலும், மூடித் திறந்ததும் பதிவுகள் மறைந்தாலும் அது கிராமத்துக் கடைக்கு உதவாது. இரண்டாவதாக, இரு கைபேசிகளிலும் இணைப்பின்றி ஒரே கணக்கில் ஒன்றில் ரூ. 180 பற்றும், மற்றதில் ரூ. 500 வரவும் இட்டு, பிறகு இணைப்பைத் திருப்பித் தந்து நிலுவையைக் கையால் கூட்டி ஒப்பிட வேண்டும். மூன்றாவதாக, நேற்றைய பதிவு ஒன்றை மாற்றிப் பார்க்கவேண்டும். பழைய தொகை, புதிய தொகை, மாற்றிய நேரம் மூன்றும் எங்கேயும் தெரியாவிட்டால் அச்செயலியை விலக்குவதே நலம். நான்காவதாக, எல்லாப் பதிவுகளையும் ஓர் அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்து வேறொரு கருவியில் திறக்க முடிகிறதா என்று காணவேண்டும். கைபேசி தொலையலாம், செயலியை நடத்தும் நிறுவனம் தொழிலை நிறுத்திவிடலாம். கடைக்காரரின் வெளிநிலுவை அவர்களோடு போய்விடக்கூடாது.

செயலி பதிக்கப்படும்போது அது கேட்கும் அனுமதிகளையும் கவனிக்க வேண்டும். பற்று வரவு எழுத இருப்பிடத் தகவல் தேவையில்லை. பிறருடைய குறுஞ்செய்திகளைப் படிக்கவும் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் செயலி கணக்கெழுதுவதைத் தவிர வேறு நோக்கமும் உடையதோ என்று விசாரிப்பது பொருந்தும்.

எல்லாக் கடைகளுக்கும் செயலி வேண்டும் என்பதில்லை. பத்துப் பதினைந்து கணக்குகளே உள்ள கடையில் மாதம் ஒரு முறை நோட்டைக் கூட்டினால் போதும். அங்கே செயலி வேலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஐம்பது அறுபது கணக்குகள் உள்ள கடையில், கடையடைத்த பின் பத்து நிமிஷத்தில் அன்றைய பதிவை முடித்து, மொத்த வெளிநிலுவையையும், மூன்று மாதத்திற்கு மேற்பட்ட பாக்கிகளையும் ஒரே திரையில் காணமுடியுமானால், மொத்த வியாபாரியிடம் அடுத்த சரக்குக்குச் சொல்லும் முன் தம்மால் எவ்வளவு தாங்கமுடியும் என்பதைக் கடைக்காரர் அறிந்துகொள்வார். அந்த ஒரு திரைக்காகத்தான் செயலி. மற்றவற்றிற்கு நோட்டு இருக்கிறது.